யாரும் சொல்லாமல் ஓடிய மோட்டார்: வீட்டு எம்க்யூடிடி அமைப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இது ஒரு வீட்டின் மாடித் தண்ணீர்த் தொட்டியையும், அதை நிரப்பும் மோட்டாரையும் பற்றியது. ஓய்வுபெற்ற தம்பதி இருவர் அங்கே வசிக்கிறார்கள். மென்பொருள் வேலையில் இருக்கும் அவர்கள் மகள் இந்த அமைப்பை விடுமுறை நாட்களில் தானே கட்டினார். அவரோடு வேலை செய்பவன் என்ற முறையில் நான்காவது முறை கோளாறு வந்தபோது என்னை அழைத்தார். அதற்கு முன் நடந்தவற்றை அவர்கள் சொன்னதிலிருந்தும், மகள் வைத்திருந்த குறிப்புகளிலிருந்தும் எழுதுகிறேன்.

அமைப்பில் நான்கு உறுப்புகள். மாடியில் ஓர் ஈஎஸ்பி8266 பலகை, அல்ட்ராசோனிக் சென்சார் மூலம் தண்ணீர் மட்டத்தை அளந்து 30 நொடிக்கு ஒருமுறை அனுப்பும். கீழே மோட்டார் பெட்டிக்குள் இன்னோர் ஈஎஸ்பி8266, ரிலே வழியாக, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டரை இயக்கும். ரவுட்டர் பக்கத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை, அதில் செய்திகளை வாங்கிக் கைமாற்றிவிடும் மொஸ்கிட்டோ புரோக்கர் ஓடுகிறது. அதே ராஸ்பெர்ரியில் ஒரு சின்ன பைத்தான் நிரல், மட்டம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டாரைப் போடச் சொல்லும், 90ஐத் தாண்டினால் நிறுத்தச் சொல்லும். ரவுட்டரும் ராஸ்பெர்ரியும் யுபிஎஸ்ஸில் இருந்தன. மோட்டார் பெட்டிக்கு யுபிஎஸ் கிடையாது.

இவை எதுவும் ஒன்றோடொன்று நேராகப் பேசுவதில்லை. எல்லாம் புரோக்கர் வழியாகத்தான். அனுப்புகிறவர் ஒரு டாபிக்கின் பெயரைச் சொல்லிச் செய்தியைப் புரோக்கரிடம் கொடுக்கிறார், இது பப்ளிஷ். கேட்க விரும்புகிறவர் அந்த டாபிக்கின் பெயரைப் புரோக்கரிடம் முன்பே சொல்லி வைக்கிறார், இது சப்ஸ்கிரைப். யார் அனுப்பினார், யார் கேட்கிறார் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக வடிவமைத்தது எம்க்யூடிடி என்ற இந்த நெறிமுறை. தலைப்பகுதி குறைந்தபட்சம் இரண்டே பைட் என்பதால், இப்படிப்பட்ட சின்னப் பலகைகளுக்கு ஏற்றதாக இருக்கிறது.

வீட்டில் இருந்த டாபிக்குகள் மூன்று. `veedu/thotti/mattam` என்பதில் தண்ணீர் மட்டம் வரும். `veedu/motor/kattalai` என்பதில் `ON` அல்லது `OFF` என்ற கட்டளை போகும். `veedu/motor/nilai` என்பதில் மோட்டார் பலகை தன் நிலையைச் சொல்லும்.

## முதல் நிகழ்வும் மாற்றிய ரிலேயும்

ஒரு நாள் விடியற்காலையில் மின்சாரம் போய், ஐந்தேகாலுக்கு வந்தது. ஐந்தே முக்காலுக்குச் சுவரில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டு அம்மா எழுந்தார். 1000 லிட்டர் தொட்டி அதற்கு முன்பே 91 சதவீதம் நிரம்பியிருந்தது. அந்த மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 27 லிட்டர் ஏற்றும். அரை மணி நேரத்தில் 700 லிட்டருக்கு மேல் வீணாகியிருக்கும். அம்மா ஃபோனைத் தேடவில்லை, நேரே போய் மோட்டார் பெட்டியின் மெயின் சுவிட்சை அணைத்தார். அந்த நேரத்தில் அதுதான் சரியான செயல்.

மதியம் அப்பா அந்தச் சுவிட்சைத் திரும்பப் போட்டார். ஏழெட்டு நொடியில் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கியது. அணைத்துவிட்டு மகளுக்கு ஃபோன் செய்தார்: “சுவிட்சைப் போட்டதும் தானா ஓடுதும்மா. ரிலே ஒட்டிக்கிச்சுன்னு நினைக்கிறேன்.”

ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வது உண்மையில் நடக்கிற விஷயம்தான், அதனால் மகளும் அதையே நம்பினார். வார இறுதியில் வந்து ரிலேயை மாற்றினார். புது ரிலேயைப் போட்டுச் சுவிட்சைப் போடும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா தன் ஃபோனிலிருந்த செயலியில் `OFF` பொத்தானை அழுத்தி வைத்தார். சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் ஓடவில்லை. கோளாறு தீர்ந்தது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

அன்று சரியானது ரிலேயால் அல்ல, அந்தப் பொத்தானால். அது தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது.

ஒரு தடயம் அப்போதே இருந்தது. ரிலே ஒட்டியிருந்தால் மின்சாரம் வந்த நொடியிலேயே மோட்டார் ஓடியிருக்க வேண்டும். ஓடியது ஏழெட்டு நொடி கழித்து. அந்தப் பலகை எழுந்து, வைஃபை பிடித்து, புரோக்கரோடு இணைய எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

## இரண்டாவது நிகழ்வும் காலியான பதிவும்

ஆறு நாள் கழித்து, குளிக்கப் போகும் முன் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம் என்று அப்பா ஃபோனிலிருந்து `ON` அழுத்தினார். மோட்டார் ஓடியது, 90 தாண்டியதும் நிரல் `OFF` அனுப்பி நிறுத்தியது. எல்லாம் ஒழுங்கு. இரண்டு நாள் கழித்து மின்சாரம் போய் வந்தது. நிரம்பிய தொட்டிக்கு மோட்டார் மறுபடி ஓடியது.

இந்த முறை மகள் முறையாகவே தேடினார். ராஸ்பெர்ரியில் இந்தக் கட்டளையை ஓர் இரவில் தொடங்கி நிறுத்தாமல் ஓடவிட்டு, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்தார்:

```
mosquitto_sub -v -t 'veedu/#'
```

`#` என்பது அதற்குக் கீழே உள்ள எல்லா டாபிக்குகளையும் குறிக்கும். யார் எதை அனுப்பினாலும் இதில் விழ வேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்றாம் நாள் மின்சாரம் போய் வந்தபோது கோளாறு மீண்டும் வந்தது. பதிவைப் பார்த்தார். `veedu/motor/nilai ON` என்று ஒரு வரி இருந்தது. அதற்குச் சற்று முன்னால் `kattalai` டாபிக்கில் எதுவும் இல்லை. மோட்டார் தான் ஓடுவதாகச் சொல்கிறது, ஆனால் யாரும் ஓடச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் அவர் எடுத்த முடிவு இரண்டு. மோட்டார் பலகையின் நிரலில் பிழை இருக்கலாம் என்று அதைத் திரும்ப எழுதி ஏற்றினார். `OFF` கட்டளை வழியில் தொலைந்துபோகிறதோ என்று நினைத்து, பைத்தான் நிரல் அனுப்பும் க்யூஓஎஸ் அளவை 0விலிருந்து 1க்கு உயர்த்தினார். க்யூஓஎஸ் 1 என்றால், பெற்றுக்கொண்டதாகப் பதில் வராத செய்தியைத் திரும்ப அனுப்பலாம் என்ற ஏற்பாடு. ஆனால் இங்கே எந்தச் செய்தியும் தொலையவில்லை. தேவையில்லாத ஒன்று வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மறுவாரம் அதே கோளாறு வந்தது. அப்போதுதான் என்னை அழைத்தார்.

## நேரில் பார்த்தது

நான் போனதும் முதலில் கான்டாக்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரைக் கழற்றி வைத்தோம். சோதனையில் ரிலேயின் “டிக்” சத்தம் மட்டும் கேட்டால் போதும், தண்ணீர் ஓடத் தேவையில்லை.

அவர் சேமித்த பதிவை மேலிருந்து படித்தேன். முதல் மூன்று வரிகளுக்குள் `veedu/motor/kattalai ON` இருந்தது. “இது என்ன?” என்று கேட்டேன். “அப்பா அப்ப அழுத்தியிருப்பாருண்ணா. அது ராத்திரி, கோளாறு வந்தது மூணு நாள் கழிச்சு” என்றார். அப்பாவிடம் கேட்டோம். அந்த இரவு அவர் ஃபோனைத் தொடவே இல்லை என்றார்.

அப்புறம் புதிதாக ஒரு முனையத்தைத் திறந்து, அதே கட்டளையை ஒரு சின்ன மாற்றத்தோடு ஓடவிட்டோம். `%r` என்பது செய்தியின் ரீட்டெயின் குறியைக் காட்டும்.

```
mosquitto_sub -t 'veedu/#' -F '%r %t %p'
1 veedu/thotti/mattam 88
1 veedu/motor/kattalai ON
1 veedu/motor/nilai OFF
```

மூன்று வரியும் கண் இமைக்கும் முன் வந்து விழுந்தன. அந்த நொடியில் யாரும் எதையும் அனுப்பவில்லை. வரியின் தொடக்கத்தில் உள்ள 1 சொல்வது இதுதான்: இது இப்போது அனுப்பப்பட்ட செய்தி அல்ல, புரோக்கர் எடுத்து வைத்திருந்த பழைய செய்தி. மோட்டாரின் நிலை `OFF`, ஆனால் அதற்கென்று காத்திருக்கும் கட்டளை `ON`.

பிறகு இந்த முனையத்தை அப்படியே ஓடவிட்டு, மோட்டார் பெட்டியின் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டோம். எட்டாவது நொடியில் “டிக்”. திரையில் `0 veedu/motor/nilai ON` என்ற ஒரே வரி. `kattalai` வரி வரவில்லை.

## காரணம்

ரீட்டெயின் குறியோடு ஒரு செய்தியை அனுப்பினால், புரோக்கர் அந்த டாபிக்கின் கடைசிச் செய்தி என்று அதை எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு டாபிக்குக்கு ஒன்றுதான். பின்னால் யார் புதிதாகச் சப்ஸ்கிரைப் செய்தாலும் உடனே அதைக் கொடுக்கும். தண்ணீர் மட்டத்துக்கு இது அருமையான வசதி. ஃபோனில் செயலியைத் திறந்ததும் அடுத்த 30 நொடி காத்திருக்காமல் மட்டம் தெரிகிறது.

கட்டளைக்கு ரீட்டெயின் எப்படி வந்தது? அப்பாவின் ஃபோனில் செயலியை நிறுவியபோது, அதைத் திறக்கும்போதெல்லாம் பொத்தான் நிறமில்லாமல் இருந்தது. மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. பொத்தானின் அமைப்பில் ரீட்டெயின் என்ற கட்டத்தில் மகள் டிக் போட்டார், நிறம் வந்துவிட்டது. நியாயமான தேவைக்கு, கைக்கு எட்டிய தீர்வு. பொத்தானை `nilai` டாபிக்கோடு இணைத்திருந்தால் அதே பலன் ஆபத்தில்லாமல் கிடைத்திருக்கும்.

அன்றிலிருந்து அப்பா ஃபோனில் அழுத்தும் ஒவ்வொரு `ON`உம் புரோக்கரிடம் தங்கியது. பைத்தான் நிரல் அனுப்பும் `OFF` ரீட்டெயின் இல்லாமல் போனது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ரீட்டெயின் இல்லாத செய்தி, கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும், ஆனால் புரோக்கர் எடுத்து வைத்திருப்பதை மாற்றாது. மோட்டார் நின்றது, புரோக்கரிடம் `ON` அப்படியே இருந்தது. மின்சாரம் போய் வந்து மோட்டார் பலகை மீண்டும் சப்ஸ்கிரைப் செய்ததும், அந்த `ON` அதன் கையில் கொடுக்கப்பட்டது.

பதிவில் அது ஏன் விழவில்லை? எடுத்து வைத்த செய்தியைப் புதிதாகச் சப்ஸ்கிரைப் செய்தவருக்கு மட்டுமே புரோக்கர் கொடுக்கும். ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. மகளின் முனையம் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால் மோட்டார் பலகைக்குப் போனது அதன் காதில் விழவில்லை. தான் புதிதாகச் சேர்ந்தபோது கிடைத்த அதே `ON`தான் பதிவின் தொடக்கத்தில் இருந்தது.

பைத்தான் நிரல் வழிந்தோடுவதைத் தடுக்காததும் இதே காரணத்தால்தான். `kattalai` டாபிக்கைக் கேட்டுத்தான் மோட்டார் ஓடுகிறதா என்று அது கணக்கு வைத்திருந்தது. கடைசியாக அது கேட்டது `OFF`. மோட்டார் நின்றிருக்கிறது என்று நம்பியதால், மட்டம் 90க்கு மேல் இருந்தும் அது `OFF` அனுப்பவில்லை. `nilai` டாபிக்கைக் கேட்டிருந்தால் முதல் நாளே அரை நிமிடத்தில் நிறுத்தியிருக்கும்.

## எடுத்த முடிவுகள்

முதலில் எடுத்து வைத்த கட்டளையை அழித்தோம். வெற்றுச் செய்தி ஒன்றை ரீட்டெயின் குறியோடு அனுப்பினால் புரோக்கர் பழையதை நீக்கிவிடும்:

```
mosquitto_pub -t veedu/motor/kattalai -r -n
```

புரோக்கரை நிறுத்தித் தொடங்குவது இதற்குப் போதாது. அதன் அமைப்பில் `persistence true` இருந்ததால் எடுத்து வைத்தவை வட்டிலும் எழுதப்பட்டிருந்தன.

செயலியின் பொத்தானில் ரீட்டெயினை எடுத்துவிட்டு, அதன் நிறத்தை `nilai` டாபிக்கிலிருந்து வர வைத்தோம். பைத்தான் நிரலும் `nilai`யை நம்பும்படி மாற்றினோம்.

ஆனால் நாளைக்கு வேறொரு செயலியை யாராவது நிறுவி அதே கட்டத்தில் டிக் போடலாம். மோட்டார் பலகைக்கே ஒரு தற்காப்பு தேவைப்பட்டது. வந்த செய்தி ரீட்டெயின் செய்யப்பட்டதா என்று பார்த்துத் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அந்தப் பலகையில் இருந்த பப்சப்கிளையன்ட் நூலகம், செய்தி வரும்போது டாபிக், உள்ளடக்கம், நீளம் மூன்றை மட்டுமே கொடுக்கிறது, ரீட்டெயின் குறியைக் கொடுப்பதில்லை. ஆகவே சப்ஸ்கிரைப் செய்த முதல் ஐந்து நொடிக்குள் வரும் கட்டளைகளைப் பலகை கண்டுகொள்ளாது என்று வைத்தோம். எடுத்து வைத்த செய்தி வழக்கமாக அந்த இடைவெளிக்குள் வந்துவிடும். இது ஒட்டுவேலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அன்றைக்கே செய்ய முடிந்தது.

கடைசியாக, எந்தக் கட்டளை வந்தாலும் 30 நிமிடத்துக்கு மேல் மோட்டார் ஓடக்கூடாது என்று பலகையிலேயே ஒரு வரம்பு வைத்தோம். 30 சதவீதத்திலிருந்து 90க்கு நிரம்ப 22 நிமிடம் ஆகும் என்பதால் இந்த அளவு.

## மூன்று வாரம் கழித்து

மின்சாரம் நான்கைந்து முறை போய் வந்தும் மோட்டார் தானாக ஓடவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. ஒரு மழை நாளில் மாடிப் பலகையின் அடாப்டர் தளர்ந்து அணைந்துவிட்டது. அது கடைசியாக அனுப்பிய 41 என்ற மட்டம் புரோக்கரிடம் இருந்தது. அப்பா செயலியைத் திறந்தார், 41 தெரிந்தது, `ON` அழுத்தினார். நிரல் 90க்காகக் காத்திருந்தது. புதிய அளவு வரவே இல்லை. சுமார் 22 நிமிடத்தில் தொட்டி நிறைந்தது, எட்டு நிமிடம் வழிந்தது, 30ஆவது நிமிடத்தில் பலகையின் வரம்பு மோட்டாரை நிறுத்தியது. வரம்பு இல்லாவிட்டால் யாராவது கேட்கும் வரை ஓடியிருக்கும்.

மட்டத்தை ரீட்டெயின் செய்தது தவறல்ல. அது எப்போது வந்தது என்று யாரும் கேட்காததுதான் தவறு. புரோக்கர் கொடுக்கும் 41 இந்த நொடியின் 41ஆ, நேற்றைய 41ஆ என்று அந்த எண்ணில் எழுதியிருக்காது.

இதற்கு இரண்டு மாற்றம் செய்தோம். முதலாவது, எம்க்யூடிடியின் இறுதிச் செய்தி ஏற்பாடு. பலகை இணையும்போதே, “நான் விடைபெறாமல் மறைந்தால் இதைச் சொல்” என்று ஒரு செய்தியைப் புரோக்கரிடம் ஒப்படைக்கும். மாடிப் பலகை இப்போது `veedu/thotti/iruppu` டாபிக்கில் `offline` என்பதை அப்படி ஒப்படைக்கிறது, இணைந்ததும் அதே டாபிக்கில் `online` என்று அனுப்புகிறது. இரண்டும் ரீட்டெயின். மின்சாரம் அறுந்தால் புரோக்கருக்கு அது உடனே தெரியாது. தான் இருப்பதைப் பலகை காட்ட வேண்டிய கீப்அலைவ் காலத்தின் ஒன்றரை மடங்கு எதுவும் வராவிட்டால்தான் இணைப்பு போனதாக முடிவு செய்யும். எங்கள் கீப்அலைவ் 60 நொடி, ஆகவே 90 நொடியில் செயலியில் சிவப்புப் புள்ளி வருகிறது. அடாப்டரைப் பிடுங்கிக் கடிகாரத்தோடு பார்த்தோம், ஒன்றரை நிமிடத்தை ஒட்டியே வந்தது.

இரண்டாவது மாற்றம் ஏன் என்றால், இணைப்பு இருந்தும் சென்சார் வயர் அறுந்து அளவு வராமல் போகலாம். அப்போது இறுதிச் செய்தி உதவாது. நிரல் ஒவ்வோர் அளவும் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, எடுத்து வைத்த அளவை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை:

```python
def on_message(client, userdata, msg):
    global mattam, vandha_neram
    if msg.topic == "veedu/thotti/mattam":
        mattam = int(msg.payload)
        if not msg.retain:
            vandha_neram = time.monotonic()
```

இரண்டு நிமிடமாகப் புதிய அளவு வராவிட்டால் நிரல் `OFF` அனுப்பிவிடும். மாடிப் பலகையின் நிரலையும், சென்சாரிலிருந்து எதிரொலி கிடைக்காதபோது பழைய அளவைத் திரும்ப அனுப்பாமல் பேசாமல் இருக்கும்படி திருத்தினோம்.

இவற்றோடு தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்சைப் பொருத்தி, கான்டாக்டர் காயிலுக்குப் போகும் வயரில் தொடராக இணைத்தோம். தண்ணீர் விளிம்புக்கு வந்தால் அது இணைப்பைத் துண்டிக்கும். அதற்கு வைஃபையும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது என்பது என் கருத்து.

## இன்று இருக்கும் நிலை, மாற்ற நினைப்பது

நான்கு மாதமாகத் தொட்டி வழியவில்லை. மிதவை சுவிட்ச் ஒரு முறைகூட வேலை செய்ய நேரவில்லை என்பதை, அதை மாதம் ஒருமுறை கையால் தூக்கிச் சோதிக்கும் அப்பா சொன்னார்.

ஐந்து நொடி ஒட்டுவேலையில் ஒரு குறை வெளிப்பட்டது. வைஃபை விட்டுவிட்டு வரும்போது பலகை அடிக்கடி மறு இணைப்பு எடுக்கிறது. அந்த ஐந்து நொடிக்குள் அப்பா அழுத்தினால் மோட்டார் ஓடுவதில்லை, அவர் இன்னொரு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்தச் சொல்லும் கட்டளையும் அதே இடைவெளியில் தள்ளப்படுவதுதான் எனக்கு உறுத்தியது. `OFF` எப்போது வந்தாலும் ஏற்கலாம், பழையதாக இருந்தாலும் கெடுதல் இல்லை. அதை மட்டும் உடனே திருத்திவிட்டோம்.

அடுத்து, கட்டளைக்குள்ளேயே அனுப்பிய நேரத்தைச் சேர்க்கப் போகிறோம். மோட்டார் பலகை இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டு, 30 நொடிக்கு மேல் பழைய `ON` எதையும் மறுக்கும். அது புரோக்கர் எடுத்து வைத்ததா, வரிசையில் காத்திருந்ததா என்ற கேள்வியே அப்போது எழாது. செயலியின் பொத்தான் நேரத்தைச் சேர்த்து அனுப்பாது என்பதால், ஃபோனிலிருந்து வருவதை முதலில் பைத்தான் நிரல் வாங்கி, நேரம் போட்டு வேறொரு டாபிக்கில் அனுப்பும்படி மகள் எழுதிக்கொண்டிருக்கிறார்.